கண்ணாடிக்கு முன்னால் சுவரைப் பாருங்கள்

அன்புள்ள அண்ணா,

பெரம்பூரில் இருபத்தைந்து வருடப் பழைய ஃபிளாட். பாத்ரூம் நாலடிக்கு ஏழடிதான். வாஷ்பேசினுக்கு மேலே லைட் வைத்த, ஆவி படியாத கண்ணாடி மாட்ட ஆசை. 18க்கு 24 அங்குலம் போதுமா, 24க்கு 32 வாங்கலாமா? வெள்ளை லைட் நல்லதா, மஞ்சளா? துளை போட்டால் டைல்ஸ் விரிசல் விடும், டபுள் டேப்பும் சிலிக்கானும் போதும் என்கிறார் மாட்ட வருபவர். கரண்டை கீசர் பாயின்ட்டிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்றும் சொல்கிறார். வீட்டில் ஒன்றரை வயதுக் குழந்தை இருக்கிறாள். எதை வாங்கலாம், சொல்லுங்கள்.

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

சின்னதே வாங்குங்கள். பேசின் அகலத்தைத் தாண்டிய கண்ணாடி அந்த அறையில் தோளில் இடிக்கும். லைட் வெள்ளைக்கும் மஞ்சளுக்கும் நடுவில், 4000 கெல்வின்; நிறங்களை உள்ளபடி காட்டும் அளவான சி.ஆர்.ஐ. 90க்கு மேல். வெளிச்சம் கண்ணாடியின் முன்பக்க ஓரங்களிலிருந்து வர வேண்டும். பின்னாலிருந்து மட்டும் ஒளிர்வது சுவரைத்தான் அழகாகக் காட்டும், ஷேவிங்குக்கு உதவாது. ஆவியைப் பொறுத்தவரை, கண்ணாடியின் முதுகில் ஒட்டியிருக்கும் மெல்லிய சூட்டுத் தகடு கண்ணாடியைக் கொஞ்சம் வெதுவெதுப்பாக வைக்கிறது, அதனால் ஈரம் படிவதில்லை. தகடு இருக்கும் பரப்பு மட்டுமே தெளியும் என்பதால், கடையில் தகட்டின் அளவைக் கேளுங்கள். லைட்டோடு சேராமல் அதற்குத் தனி சுவிட்ச் இருந்தால் நல்லது. சென்னையில் வருடத்தில் பாதி நாள் அது தேவைப்படாது.

கண்ணாடியோடு பெட்டியில் வரும் திருகைப் பற்றி எழுத வேண்டும் என்று கொஞ்ச நாளாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதம் அந்த இடத்தில் சரியாகக் கை வைத்துவிட்டது. ஒன்றரை வயதுக் குழந்தை உள்ள வீட்டில் தலைக்கு மேலே கண்ணாடியை டேப்பில் தொங்கவிடலாமா என்று கேட்கிறீர்களே, உங்கள் மேல் எனக்குக் கோபம்தான் வருகிறது. நாளைக்கு அந்தப் பேசினுக்குக் கீழே ஸ்டூல் போட்டு நின்று பல் தேய்க்கப்போவது அவள்தானே?

எடையைப் பாருங்கள். 5 மில்லிமீட்டர் கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு பன்னிரண்டரை கிலோ. 24க்கு 32 என்றால் கண்ணாடி மட்டுமே 6 கிலோ, 18க்கு 24 என்றால் மூன்றரைக்குள். இதோடு சட்டமும், லைட்டுக்கு ஏற்றபடி கரண்டை மாற்றிக் கொடுக்கும் டிரைவரும் சேரும். டேப்பை முதல் நாள் இழுத்துப் பார்த்தால் உறுதியாகத்தான் இருக்கும். ஈரமும் சூடும் மாறி மாறிப் பட்டு, எடை ஓயாமல் கீழே இழுக்க, பசை கொஞ்சம் கொஞ்சமாக நழுவும். விழும் நாளை அது முன்கூட்டிச் சொல்லாது.

விழாவிட்டாலும் சிக்கல் உண்டு. இந்தக் கண்ணாடிகளில் பொதுவாக முதலில் கெடுவது டிரைவர். அதை மாற்ற வேண்டுமென்றால் கண்ணாடியைத் தூக்கிக் கழற்ற வேண்டும். ஒட்டிய கண்ணாடியை உடைக்காமல் எடுக்கப் படாதபாடு படுவீர்கள். அதனால் சுவரில் பிராக்கெட், அதில் மேலிருந்து மாட்டும் கண்ணாடி. இதைத் தவிர வேறு வழியை யோசிக்காதீர்கள்.

இனி அந்தத் திருகு. பெட்டியில் பெரும்பாலும் ஒன்றரை அங்குலத் திருகு வரும், அதாவது 38 மில்லிமீட்டர். உங்கள் மாதிரிப் பழைய ஃபிளாட்டில் டைல் 8 மில்லிமீட்டர், அதன் பின்னால் சிமென்ட் கலவை 15, அதற்கும் பின்னால் பூச்சு 12 என்று வைத்துக்கொள்வோம். செங்கல் தொடங்குவதற்குள் 35 போய்விட்டது. பிராக்கெட்டின் தடிமன் 2. மீதி ஒரே ஒரு மில்லிமீட்டர் திருகுதான் செங்கலைத் தொடுகிறது. அப்படியானால் கண்ணாடியைத் தாங்குவது எது? டைலும் பூச்சும். பிளாஸ்டிக் பிளக் விரிவது டைலுக்கு உள்ளேயே. மாட்டுபவர் திருகை இறுக்க இறுக்க டைல் ‘டிக்’ என்று விரிசல் விடும். “டைல்ஸ் உடையும் சார்” என்று அவர் பயப்படுவதற்குக் காரணம் இதுதான். துளையால் உடைவதில்லை தம்பி, குட்டைத் திருகால் உடைகிறது.

நீங்கள் வாங்க வேண்டியது 3 அங்குல, 75 மில்லிமீட்டர் திருகு; துருப்பிடிக்காத ஸ்டீல். 8 மில்லிமீட்டர் தடிமன், 40 நீளம் உள்ள நைலான் பிளக். துளையின் ஆழம் 80. பிளக்கை டைலின் வாயோடு நிறுத்தாமல், பூச்சையும் தாண்டி உள்ளே தள்ளுங்கள். அது செங்கலுக்குள் விரிந்தால் டைலுக்கு எந்த அழுத்தமும் வராது.

துளை போடும்போது டைல் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, ஈட்டி முனை உள்ள டைல் பிட்டால், டிரில்லில் ஹாமரை அணைத்துவிட்டு மெதுவாகத் தொடங்கச் சொல்லுங்கள். டைலைத் தாண்டிய பிறகே மேஸனரி பிட்டும் ஹாமரும். உதிரும் தூளின் நிறத்தைப் பக்கத்தில் நின்று பாருங்கள். சாம்பல் நிறத் தூள் வரும்வரை நீங்கள் இன்னும் கலவையில்தான் இருக்கிறீர்கள். சிவப்பாக மாறும் இடத்தில் பிட்டில் ஒரு கோடு போட்டு அளந்தால், 35 என்று நான் ஊகமாகச் சொன்ன கணக்கு உங்கள் சுவருக்கு எவ்வளவு என்று தெரிந்துவிடும். 45 என்று வந்தால் திருகும் அதற்கேற்ப நீள வேண்டும். துளை போடும் முன்னால் ஐந்து ரூபாய் நாணயத்தால் டைலைத் தட்டிப் பாருங்கள். ‘டொக் டொக்’ என்று வெற்று ஓசை கேட்டால் பின்னால் கலவை இல்லை. அந்த டைலை விட்டுத் தள்ளிப் போங்கள்.

நீளமான திருகுக்கு ஓர் ஆபத்தும் உண்டு. சுவருக்குள் ஓடும் தண்ணீர்க் குழாய். பேசினுக்குக் கீழே இருக்கும் ஆங்கிள் காக்குக்கு நேர் மேலேயும், ஷவர் குழாய்க்கு நேராகவும், சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் கீழேயும் துளை வேண்டாம், பக்கவாட்டில் ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். உலோகம் தேடும் கருவியை நம்பாதீர்கள், பிளாஸ்டிக் குழாய் அதற்குத் தெரியாது. துளை போடும் நேரத்தில் மொட்டை மாடியிலிருந்து வரும் வால்வையும், அந்த அறையின் கரண்டையும் நிறுத்திவையுங்கள்.

கீசர் பாயின்ட் வேண்டவே வேண்டாம். இந்தக் கண்ணாடிக்கு 50, 60 வாட்தான் ஆகும், கால் ஆம்பியர். கீசர் லைனைக் காக்கும் பிரேக்கர் 16 ஆம்பியரோ 20 ஆம்பியரோ இருக்கும். கண்ணாடியின் மெல்லிய ஒயர் கருகத் தொடங்கினாலும் அந்தப் பிரேக்கர் கரண்டை நிறுத்தாது. லைட் லைனிலிருந்து எர்த்தோடு மூன்று ஒயர் கொண்டுவந்து, கண்ணாடி மறைக்கும் இடத்தில் முடிக்கச் சொல்லுங்கள். கண்ணாடியின் முதுகில் சதுரத்துக்குள் சதுரம் போட்ட குறி இருந்தால் அதற்கு எர்த் தேவையில்லை. இல்லையென்றால் எர்த்தைக் கட்டாயம் இணைக்க வேண்டும். நீர் தெறிப்பைத் தாங்கும் என்பதற்கான குறி ஐபி44, அதற்குக் குறைந்ததை வாங்காதீர்கள். மெயின் போர்டில், கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லையென்றால் முதலில் அதைப் போடுங்கள், கண்ணாடி அடுத்த மாதம் வரட்டும்.

சிலிக்கானுக்கும் ஒரு வேலை இருக்கிறது, ஓரத்தை அடைக்க. ஆனால் டியூபைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் அதைத் தொடாதீர்கள். அந்த அமிலம் கண்ணாடியின் பின்பூச்சை அரிக்கும். ஓரமெல்லாம் கறுத்துப் போன கண்ணாடிகளைப் பார்த்திருப்பீர்களே, அவற்றில் பலவற்றுக்கு இதுவும் ஒரு காரணம். ‘நியூட்ரல் க்யூர்’ என்று கேட்டு வாங்குங்கள். பிறகு கழற்ற முடியாதபடி நிரப்பாமல், மேல் ஓரத்திலும் இரண்டு பக்கங்களிலும் மெல்லிய கோடாக இழுத்தால் போதும். அடி ஓரத்தை அடைக்கவே கூடாது. எப்படியாவது உள்ளே போகும் ஈரம் அந்த வழியாகத்தான் இறங்கி வெளியேற வேண்டும்.

அன்புடன்,
அண்ணன்