மிரட்டல் இல்லாமல் சம்பள உயர்வு கேட்பது எப்படி?

கேள்வி: திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் ஆறு வருடமாகக் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். கிராஸ் சம்பளம் 26,000 ரூபாய், அதில் அடிப்படைச் சம்பளம் 15,000. கடந்த ஜூனில் உடன் வேலை செய்தவர் விலகிய பிறகு அவருடைய வேலையையும் நானே பார்க்கிறேன். இதே வேலைக்கு 35,000 என்று விளம்பரங்கள் வருகின்றன. "கொடுக்காவிட்டால் விலகுகிறேன் என்று எழுது" என்கிறார்கள் நண்பர்கள். எனக்கு அதில் விருப்பமில்லை. கடிதத்தை எப்படி எழுதுவது, எவ்வளவு கேட்பது?

பதில்: உங்கள் தயக்கம் சரியானது. "விலகுகிறேன்" என்ற சொல்லைப் படித்ததுமே முதலாளியின் யோசனை உங்கள் சம்பளத்தை விட்டுவிட்டு, உங்கள் இடத்துக்கு ஆள் தேடுவதில் இறங்கிவிடும். உயர்வு கொடுத்தாலும் அந்தத் தேடல் நிற்காமல் போகலாம்.

முதலில் அந்த 35,000 ரூபாயைச் சரியாக அளந்து பாருங்கள். விளம்பரத்தில் வருவது பெரும்பாலும் சி.டி.சி., அதாவது உங்களுக்காக நிறுவனம் செய்யும் மொத்தச் செலவு. அங்கும் அடிப்படைச் சம்பளம் 15,000 என்று வைத்துக்கொண்டால், நிறுவனத்தின் பி.எஃப். பங்கு 12 சதவீதமாக 1,800 ரூபாயும், பணிக்கொடைக்கான ஒதுக்கீடு சுமார் 720 ரூபாயும் அதற்குள்ளேயே அடங்கியிருக்கும். இரண்டையும் கழித்தால் கிராஸ் சம்பளம் ஏறக்குறைய 32,480தான் வரும். ஆகவே உண்மையான இடைவெளி 9,000 அல்ல, சுமார் 6,500. கடிதத்தில் 35,000 என்று எழுதி, மேலாளர் இந்தக் கழித்தலைச் செய்து காட்டிவிட்டால், மற்ற நியாயங்களும் அதோடு வலுவிழந்துவிடும். அதுவும் கணக்குப் பிரிவில் இருப்பவருக்கு அப்படி நேரக்கூடாது. உங்கள் ஊரில், உங்கள் அனுபவத்துக்கு ஈடான மூன்று நான்கு விளம்பரங்களை மட்டும் தேதியோடு எடுத்துவைத்து, எல்லாவற்றையும் கிராஸ் தொகைக்கு மாற்றிய பிறகே ஒப்பிடுங்கள். பக்கத்து இருக்கைக்காரரின் சம்பளத்தைச் சான்றாகக் காட்ட வேண்டாம். அது அவருக்கும் சங்கடம், உங்களுக்கும் சங்கடம்.

வேலைச் சுமையைப் பொறுத்தவரை, "அதிகமாக உழைக்கிறேன்" என்ற வரியால் பயனில்லை. உங்கள் மாதத்துக்கு ஒரு நாள்காட்டி இருக்கிறது, அதையே காட்டுங்கள். 7ஆம் தேதி டி.டி.எஸ். செலுத்துவது, 11ஆம் தேதி ஜி.எஸ்.டி.ஆர்.-1, 20ஆம் தேதி ஜி.எஸ்.டி.ஆர்.-3பி ஆகியவை முன்பிருந்தே உங்களுடையவை என்றால், ஜூனுக்குப் பிறகு சேர்ந்தவை எவை? தொழிலாளர் சம்பளப் பட்டியல், 15ஆம் தேதிக்குள் முடிக்க வேண்டிய பி.எஃப்., இ.எஸ்.ஐ. என்றால் அப்படியே எழுதுங்கள். கெடு தவறாமல், தாமதக் கட்டணம் இல்லாமல் நடந்திருந்தால் அதையும் ஒரு வரியில் சேருங்கள். காலி இடத்தால் நிறுவனத்துக்கு மிச்சமான சம்பளத்தைக் கணக்குப் போட்டு எழுதத் தேவையில்லை. இடம் நிரப்பப்படவில்லை என்ற ஒரு வரியே போதும், மிச்சத்தை அவர்களே அறிவார்கள்.

கடிதத்தின் நடுப்பகுதி ஏறக்குறைய இப்படி அமையலாம்:

"கடந்த ஜூன் முதல், ஜி.எஸ்.டி. மற்றும் டி.டி.எஸ். பணிகளுடன் சம்பளப் பட்டியல், பி.எஃப்., இ.எஸ்.ஐ. பணிகளையும் கவனித்து வருகிறேன். இக்காலத்தில் எந்தத் தாக்கலும் கெடு தாண்டவில்லை. இப்பணிகளுக்கு நம் பகுதியில் வழங்கப்படும் கிராஸ் சம்பளம் பற்றிய விவரத்தை இணைத்துள்ளேன். இவற்றைக் கருத்தில் கொண்டு, ஏப்ரல் முதல் என் கிராஸ் சம்பளத்தை 32,000 ரூபாயாகத் திருத்தியமைக்கக் கேட்டுக்கொள்கிறேன். இதுகுறித்து நேரில் பேசத் தங்களுக்கு வசதியான நேரத்தைத் தெரிவிக்க வேண்டுகிறேன்."

வீட்டு வாடகை, பிள்ளைகளின் கட்டணம் எதையும் சேர்க்காதீர்கள். உங்கள் தேவை உண்மையானதுதான். ஆனால் நிறுவனம் விலை கொடுப்பது வேலைக்கு.

தொகையோடு, அது எந்தத் தலைப்பில் சேர்கிறது என்பதையும் பேச்சின்போது கேளுங்கள். பணிக்கொடை, கடைசியாக வாங்கும் சம்பளத்தில் அதற்குக் கணக்கில் வரும் பகுதியை, அதாவது அடிப்படைச் சம்பளம் முதலானவற்றை, 15ஆல் பெருக்கி, 26ஆல் வகுத்து, பணியாண்டுகளால் பெருக்கிக் கணக்கிடப்படுகிறது. 6,000 உயர்வில் 3,000 அடிப்படைச் சம்பளத்தில் சேர்ந்தால், கடந்துபோன ஆறு ஆண்டுகளுக்கும் சேர்த்துப் பணிக்கொடை 10,385 ரூபாய் கூடும். முழுவதும் சிறப்புப் படியாகச் சேர்ந்தால் அது கூடாமல் போகலாம். அடிப்படைச் சம்பளம் கூடினால் பி.எஃப். பிடித்தமும் கூடி, கைக்கு வருவது சற்றுக் குறையக்கூடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

"பார்க்கலாம்" என்று மட்டும் பதில் வந்தால், எப்போது மீண்டும் கேட்கலாம் என்று ஒரு தேதி கேட்டு, பேசியதை அன்றே சுருக்கமான மின்னஞ்சலாக அனுப்பிவிடுங்கள். இப்போது நிதி இல்லை என்றால், ஒரு பகுதியை ஏப்ரலிலும் மீதியை அக்டோபரிலும் தர இயலுமா, அல்லது சம்பளப் பட்டியல் பணியை வேறொருவருக்கு மாற்ற இயலுமா என்று கேளுங்கள். 30,000 கிடைத்தால் ஏற்பதா என்பதை முன்பே மனத்துக்குள் முடிவு செய்துகொள்ளுங்கள். அது கடிதத்தில் வரக்கூடாது.

கடிதத்தைப் பிப்ரவரியில், 20ஆம் தேதித் தாக்கல் முடிந்த மறுநாள் கொடுங்கள். மார்ச் பிறந்துவிட்டால் ஆண்டுக் கணக்கு முடிக்கும் அவசரத்தில் அதைப் படிக்க அவர்களுக்கும் நேரமிருக்காது, பேச உங்களுக்கும் நேரமிருக்காது.