பில்லில் 20% எங்கே வெட்டலாம், எங்கே கூடாது

"ஹெல்த் இன்சூரன்ஸில் ரூம் லிமிட் ஒரு நாளுக்கு 4,000, எடுத்தது 5,000, நாலு நாள். பில் 1,60,000: ரூம் 20,000, டாக்டர்-தியேட்டர்-நர்சிங் 80,000, மருந்து-டெஸ்ட் 52,000, கையுறை-கிட் 8,000. அப்ரூவல் 1,21,600தான். ரூம் வித்தியாசம் 4,000தானே வெட்டணும்? ஆஸ்பத்திரியில் கட்டின அட்வான்ஸ் 30,000-ஐ அப்புறம் திருப்பித் தர்றாங்களாம்."

4,000-த்தோடு நிற்காதுங்க. லிமிட்டைத் தாண்டினால் பெரும்பாலான பாலிசிகளில் அதே விகிதத்தில் டாக்டர், தியேட்டர், நர்சிங் கட்டணமும் குறையும். உங்களுக்கு 5,000-க்கு 4,000, அதாவது 80% தான் கிடைக்கும். ரூமில் 4,000, அந்த 80,000-இல் 16,000 போகும். கையுறை, கிட் 8,000 வழக்கமாகவே நம் தலையில்தான். ஆக உங்கள் பங்கு 28,000.

ஆனால் உங்களிடம் கேட்பது 38,400. மிச்சம் 10,400 எங்கிருந்து வந்தது? 52,000-இல் சரியாக 20%. அதாவது மருந்து, டெஸ்ட்டிலும் வெட்டியிருக்கிறார்கள். மருந்து, பரிசோதனை, இம்ப்ளான்ட், ஐசியு கட்டணம் இவற்றில் விகித வெட்டு கூடாது என்பது இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ விதி. எந்த ரூமானாலும் ஒரே கட்டணம் வாங்கும் ஆஸ்பத்திரி என்றால், அந்த 16,000-ஐக்கூட வெட்ட முடியாது. அதையும் கேட்டுப் பாருங்க.

இப்பவே இன்சூரன்ஸ் டெஸ்க்கில் வெட்டுப் பட்டியலை எழுத்தில் வாங்கி, மறுபரிசீலனைக்கு அனுப்பச் சொல்லுங்க. டிஸ்சார்ஜ் அவசரம் என்றால் பணம் கட்டி ரசீது வாங்கிட்டு, அந்த 10,400-ஐ இன்சூரன்ஸ் கம்பெனியின் குறைதீர் பிரிவில் கேளுங்க.

அட்வான்ஸை ஃபைனல் பில்லிலேயே கழிக்கச் சொல்லுங்க. அப்ரூவல் திருந்தினால் 2,000 உங்களுக்குத் திரும்ப வரணும். திருந்தாவிட்டாலும் 8,400 மட்டுமே கட்டணும். அட்வான்ஸ் ரசீதின் அசலை அப்படியே கொடுத்துடாதீங்க, கொடுக்கும் முன் போட்டோ எடுத்துக்குங்க.