கால் நகம்: பூஞ்சையா, சொரியாசிஸா?

"கால் பெருவிரல் நகம் மஞ்சளாகித் தடித்துத் தூக்கி நிற்கிறது. 4 மாதமாகப் பூஞ்சை மருந்து பூசியும் மாற்றமில்லை. கைநகப் படமும் போட்டிருக்கிறேன். சொரியாசிஸாக இருக்குமா?"

கால் நகப் படத்தை மட்டும் பார்த்துப் பிரித்துச் சொல்ல முடியாதுங்க. இரண்டிலுமே நகத்துக்கு அடியில் செதில் சேர்ந்து நகத்தைத் தூக்கிவிடும். ஆனால் உங்கள் கைநகப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஆள்காட்டி விரல் நகத்தில் ஊசிமுனையால் குத்தியது போல் குழிகள் தெரிகின்றன. நகம் உருவாகும் வேர்ப்பகுதியே பாதிக்கப்பட்டால்தான் இப்படிக் குழி விழும். பூஞ்சையோ பெரும்பாலும் நுனியிலிருந்து உள்ளே போகும். பக்கத்து நகத்தில் தூக்கிய இடத்தைச் சுற்றி செம்மஞ்சள் விளிம்பும் இருக்கிறது. இவை சொரியாசிஸ் பக்கம் சாய்கின்றன.

அதற்காகப் பூஞ்சை இல்லை என்று முடிவுகட்டாதீர்கள். சொரியாசிஸ் நகத்தில் பூஞ்சையும் சேர்ந்து குடியேறலாம். மருந்துக்குக் குணமாகவில்லை என்பதும் ஆதாரமாகாது, பெருவிரல் நகம் முழுதாக மாறவே 12 முதல் 18 மாதம் ஆகும்.

தோல் மருத்துவரிடம் நகத்துண்டுப் பரிசோதனை கேளுங்கள். பூசும் மருந்தை எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சை இருந்தும் இல்லை என்று வரலாம். நுனியை மட்டும் வெட்டி அனுப்பினாலும் அப்படித்தான். நல்ல நகமும் கெட்ட நகமும் சந்திக்கும் இடம் வரை வெட்டி, அடியிலுள்ள செதிலையும் சுரண்டி எடுக்க வேண்டும்.

அப்புறம், காலையில் விரல் மூட்டுகள் வலித்து விறைத்திருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள். நகச் சொரியாசிஸ் உள்ளவர்களுக்கு மூட்டழற்சியும் வரலாம்.