இறுகிய குழம்பும் எரிமலை வெடிப்பும்
"எரிமலை ஏன் வெடிக்குது? ஹவாயில மட்டும் லாவா அமைதியா ஓடுதே?"

நிலத்தடியில் உருகிக் கிடக்கும் பாறைக்குழம்புதான் மாக்மா; வெளியே வந்தால் லாவா. சுற்றியுள்ள பாறையைவிட எடை குறைவு என்பதால் மேலேறும். அதில் நீராவியும் மற்ற வாயுக்களும் கரைந்திருக்கும். மேலே வர வர அழுத்தம் குறைந்து, அவை குமிழிகளாகப் பிரியும். குமிழி எளிதில் வெளியேறுகிறதா என்பதுதான் விஷயமே.

அடுப்பில் தண்ணீர் கொதித்தால் குமிழி சத்தமில்லாமல் உடையும். கேழ்வரகுக் கூழ் கொதித்தால் கையில் தெறிக்கும். கெட்டியான கூழ் ஆவியை விடாமல் பிடித்து வைக்கிறது.

கெட்டித்தன்மையைத் தருவது பெரும்பாலும் சிலிக்கா, அதாவது மணலில் அதிகம் இருக்கும் பொருள். ஹவாயின் கிலாவேயா எரிமலை மாக்மாவில் அது ஏறக்குறைய 50 சதவீதம், சூடும் அதிகம். அதனால் நீர்த்து ஓடும். அமெரிக்காவின் செயின்ட் ஹெலன்ஸ் மலையில் 60 சதவீதத்துக்கு மேல். 1980-இல் அந்தக் குழம்பு உள்ளேயே தேங்கி, மலையின் வடபக்கம் வாரக்கணக்கில் புடைத்தது. மே 18 அன்று நிலநடுக்கத்தில் அந்தப் பக்கம் சரிந்தது. மேலிருந்த பாரம் திடீரென நீங்க, அடைபட்ட வாயு ஒரே நேரத்தில் விரிந்து வெடித்தது. 57 பேர் இறந்தார்கள். மலை சுமார் 400 மீட்டர் உயரம் இழந்தது.

அப்போது மேலெழும் கருமேகத்தைப் பலர் புகை என்று நினைக்கிறார்கள். அங்கே எதுவும் எரிந்து புகைவதில்லை. அது வாயுவோடு கிளம்பும் பாறைத்தூளும் கண்ணாடித் துகளும்தான்.