மழை மாலை, கிழங்கு வண்டி, ஒரு குடை

கேள்வி: சீன மொழித் திறன் தேர்வான எச்எஸ்கேயில் மூன்றாம் நிலை முடித்துவிட்டேன். இடைநிலை வாசகர்களுக்கானது என்று ஒரு சீனச் சிறுகதை கொடுத்தார்கள். மழை பெய்யும் மாலையில் தெருவோரம் கிழங்கு விற்பவரைப் பற்றியது. நான்கைந்து சொற்களைத்தான் தேட வேண்டியிருந்தது, ஆனாலும் கதை புரியவில்லை. என் மொழிபெயர்ப்பை இணைத்திருக்கிறேன். 45 நாளில் நான்காம் நிலைச் சான்றிதழ் நிச்சயம் என்கிறார் ஒருவர். அந்த வகுப்பில் சேரட்டுமா?

பதில்: வேண்டாம். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன், முதலில் கதையைப் பார்ப்போம். நீங்கள் அனுப்பிய ஏழு வரி இதுதான்:

```
下雨了,街上的人越来越少。
老周的红薯还剩七八个,火快要灭了。
他正想收摊,一个小姑娘打着伞跑过来,
说:“爷爷,我要两个。”
老周挑了两个大的,只收了一个的钱。
她走了以后,老周才发现,
摊子上多了一把伞。
```

உங்கள் மொழிபெயர்ப்பின்படி மழை பெய்து முடிந்துவிட்டது, எழுபத்தெட்டுக் கிழங்கு மிச்சம், நெருப்பு அணைந்துவிட்டது, ஒரு சிறுமி குடையை அடித்தபடி ஓடிவருகிறாள், கடைசியில் வண்டியில் நிறையக் குடைகள். சிரிக்காமல் படிக்க முடியவில்லை, மன்னியுங்கள். ஆனால் இதில் ஒரு தவறுகூடச் சொல் தெரியாததால் வந்ததில்லை. எல்லாம் நடுவில் ஒரு தரகரை வைத்துக்கொண்டதால் வந்தவை. நீங்கள் சீனத்தை ஆங்கிலமாக்கி, அந்த ஆங்கிலத்தைத் தமிழாக்கியிருக்கிறீர்கள். தரகர் இரண்டு பக்கமும் கமிஷன் எடுத்திருக்கிறார்.

'எழுபத்தெட்டு' என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். சீ பா கெ என்றால் ஏழு, எட்டு, அப்புறம் எண்ணிக்கைக்கு ஒட்டும் ஒரு சொல். தமிழில் நாம் 'ஏழெட்டு' என்கிறோமே, அச்சாக அதே கட்டுமானம். எழுபத்தெட்டு என்றால் நடுவில் பத்தைக் குறிக்கும் ஷ் வந்திருக்கும். தமிழ் தெரிந்தவருக்கு இது ஒரு பாடமே இல்லை. ஆங்கிலம் வழியாகப் போனதால்தான் ஏழெட்டு எழுபத்தெட்டாகிவிட்டது. வாசிக்கும்போதே உங்களுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். கடையைக் கட்டப்போகிறவரிடம் எழுபத்தெட்டுக் கிழங்கு மிச்சம் என்றால் அன்றைக்கு அவர் விற்றதுதான் என்ன?

அடுத்தது முதல் வரியிலேயே இருக்கும் லெ, 了. பாடப்புத்தகம் இதை 'இறந்தகாலம்' என்று பெட்டி கட்டிப் போட்டுவிடுகிறது. நீங்களும் மழையை நிறுத்திவிட்டீர்கள். மொட்டை மாடியில் துணி காயப்போட்டவர் 'மழை வந்துடுச்சு!' என்று கத்தினால் என்ன அர்த்தம்? வந்து போய்விட்டது என்றா? இப்போதுதான் தொடங்கியிருக்கிறது, ஓடிவந்து துணியை எடு என்று அர்த்தம். ஷியா யூ லெ என்பதும் அதுவேதான். சற்று முன்புவரை இல்லாத ஒன்று இப்போது வந்திருக்கிறது, நிலைமை மாறிவிட்டது என்று வாக்கியக் கடைசியில் நிற்கும் லெ சொல்கிறது.

இரண்டாம் வரியில் அதே லெ இன்னும் நடக்காத காரியத்துக்கு வருகிறது. முன்னால் குவாய் யாவ் என்று இருப்பதைப் பாருங்கள். நெருப்பு அணைந்துவிடவில்லை, அணையப்போகிறது. அணைந்திருந்தால் அடுத்து வரும் சிறுமிக்குச் சூடான கிழங்கு ஏது? நடக்காத காரியத்துக்கு எப்படி இது வரும் என்று குழம்ப வேண்டாம். வீட்டைவிட்டே கிளம்பாமல் போனில் 'இதோ வந்துட்டேன்' என்கிறோம் இல்லையா? சீன உணவுக் கடையில் கூப்பிட்டால் பரிமாறுபவர் 'லாய் லெ, லாய் லெ' என்று குரல் கொடுப்பார். ஆள் இன்னும் உள்ளேதான் இருப்பார்.

மூன்றாம் வரிக்கு நீங்கள் திரையில் தொட்டால் அர்த்தம் காட்டும் அகராதியைப் பயன்படுத்தியிருக்கிறீர்கள் என்பது எழுத்திலேயே தெரிகிறது. தா என்ற சொல்லைத் தொட்டதும் அது முதலில் 'அடி' என்று காட்டியிருக்கும். நீங்கள் சிறுமியைக் குடையை அடிக்கவைத்துவிட்டீர்கள். நாம் பெயிண்ட் அடிக்கிறோம், போன் அடிக்கிறோம், வெயில்கூட அடிக்கிறது. எதிலும் அடிதடி கிடையாது. சீனத் தாவும் அப்படித்தான். போனோடு சேர்ந்தால் போன் செய்வது, குடையோடு சேர்ந்தால் குடை பிடிப்பது. அதன் பின்னால் ஒட்டியிருக்கும் ஜெ, 着, நம்முடைய 'கொண்டு'. அதற்கும் பின்னால் 'ஓடு' என்ற வினையும் 'வா' என்ற வினையும் வருகின்றன. ஆக, 'குடை பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள்'. பிடித்துக்கொண்டு, ஓடி, வந்தாள் என்று சீனத்தில் வரும் வரிசைகூட மாறவில்லை.

அதே வரியில் ஷோ என்ற சொல் இருக்கிறது, ஐந்தாம் வரியிலும் இருக்கிறது. அகராதி இரண்டுக்கும் 'பெறு' என்று ஒரே பதிலைத்தான் தந்திருக்கும். ஐந்தாம் வரியில் அது சரி, பணம் வாங்குவது. மூன்றாம் வரியில் அது தரைக்கடையையோ வண்டிக்கடையையோ குறிக்கும் சொல்லோடு சேர்ந்து நிற்கிறது, அதனால் 'கடையைக் கட்டுவது'. தெருவோர வியாபாரி பற்றிய எந்தச் சீனக் கதையிலும் இந்தச் சேர்க்கை வந்தே தீரும், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். செங் குவான் என்ற சொல்லும் வரலாம். அதைப் போலீஸ் என்று போடாதீர்கள். நடைபாதை வண்டிகளை அப்புறப்படுத்த வரும் நகராட்சி ஆட்கள் அவர்கள்.

கிழங்கு விற்பவரின் லாவ் ஜோ என்ற பெயரில் வரும் லாவ் 'கிழவர்' இல்லை. கொஞ்சம் மூத்தவரைக் குடும்பப் பெயரோடு உரிமையாகக் கூப்பிடும் முறை அது. சிறுமி யேயே என்பது தெரியாத பெரியவரைத் தாத்தா என்று நாம் கூப்பிடுவதைப் போலத்தான். அவள் அவருடைய பேத்தி என்று அடைப்புக்குறிக்குள் எழுதியிருக்கிறீர்கள், அதை அடித்துவிடுங்கள்.

இனி கடைசி இரண்டு வரி. கதையே இங்கேதான் இருக்கிறது, இங்கேதான் நீங்கள் ட்ஸாய், 才, என்ற ஒற்றை எழுத்தை விட்டுவிட்டீர்கள். அகராதி இதற்கு ஐந்தாறு அர்த்தம் கொடுத்து மிரட்டும். தமிழில் ஒன்றே போதும், 'தான்'. 'அவள் போன பிறகுதான் கவனித்தார்.' எதிர்பார்த்ததைவிடத் தாமதமாக நடந்தது என்பது அந்த ஒரு தானில் இருக்கிறது. அதற்கு எதிர்ச்சொல் ஜியு, 就. ட்ஸாய் இருக்கும் இடத்தில் ஜியுவைப் போட்டால் 'அவள் போனதுமே கவனித்துவிட்டார்' என்றாகும். அப்படியானால் கூப்பிட்டுக் கொடுத்திருக்கலாமே, ஏன் கொடுக்கவில்லை என்று வாசகர் கேட்பார், லாவ் ஜோவின் குணமே மாறிவிடும்.

இதில் ஒரு விதிவிலக்கைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் மாணவர்கள் வாரத்துக்கு ஒருவராவது இதைக் கேட்கிறார்கள். ட்ஸாய் எப்போதும் 'தாமதம்' ஆகாது. பின்னால் தொகையோ எண்ணோ வந்தால் அது 'அவ்வளவுதான்' என்று குறைவைக் காட்டும். ட்ஸாய் சான் குவாய் என்றால் மூன்று யுவான்தான். ஒருவர் இதை 'மூன்று யுவான் தாமதம்' என்று எழுதிக்கொண்டு வந்தார். இரண்டு இடத்திலும் தமிழில் தான் என்றே வருகிறது பாருங்கள். 'நேற்றுத்தான் வந்தார்', 'மூன்று ரூபாய்தான்'. விதிவிலக்கு ஆங்கிலத்தில்தான் விதிவிலக்கு, நமக்கு இல்லை. ஒரு சின்ன அடையாளமும் உண்டு: நடந்து முடிந்ததைத் தாமதம் என்று சொல்லும்போது ட்ஸாய் வரும் வாக்கியத்தின் கடைசியில் பொதுவாக லெ வராது, ஜியு வந்தால் வரும். பக்கத்தை ஓட்டிப் பார்க்கும்போதே இதை வைத்துப் பிரித்துவிடலாம்.

அப்புறம் துவோ, 多. இதன் முதல் அர்த்தம் 'நிறைய' என்பது உண்மைதான். ஆனால் பின்னால் லெ ஒட்டினால் அது வினையாகிவிடும், கூடிவிட்டது. பக்கத்திலேயே 'ஒரு' என்ற எண்ணும் நிற்கிறது. ஒரு குடை எப்படி நிறையக் குடைகளாகும்? வண்டியில் முன்பு இல்லாத ஒரு குடை கூடுதலாக இருந்தது, அவ்வளவுதான். அவர் இரண்டு கிழங்கு கொடுத்து ஒன்றுக்கு மட்டும் காசு வாங்கினார், அவள் குடையை வைத்துவிட்டு நனைந்துகொண்டே போய்விட்டாள். இந்தக் கணக்கு உங்கள் மொழிபெயர்ப்பில் விழவே இல்லை.

குடைக்கான ஸான் என்ற சொல்லின் ஒலி, பிரிந்து போவதற்கான சொல்லின் ஒலியை ஒத்திருப்பதால் சீனர்கள் பொதுவாகக் குடையைப் பரிசாகக் கொடுப்பதில்லை. சிறுமி சொல்லாமல் வைத்துவிட்டுப் போனதற்கு அதுவும் ஒரு காரணமோ என்று ஒருவர் யோசிக்கலாம். ஏழு வரிக் கதைக்கு அவ்வளவு சுமை வேண்டாம் என்பது என் கட்சி.

இப்போது வகுப்பு விஷயம். சான்றிதழ் 'நிச்சயம்' என்று சொல்ல எந்தப் பயிற்சி வகுப்புக்கும் அதிகாரமில்லை. தேர்வை அங்கீகரிக்கப்பட்ட மையத்தில்தான் எழுத வேண்டும், பதிவை chinesetest.cn தளத்தில் நீங்களே செய்யலாம். பதிவு செய்து தருகிறேன் என்று தனியாகக் காசு கேட்பவரிடம் நின்று பேசக்கூட வேண்டாம். சீனப் பல்கலைக்கழகச் சேர்க்கையோடு சேர்த்துக் கட்டி விற்பவர்கள் இன்னும் மோசம். சேர்க்கைக்கு அந்த மதிப்பெண் இரண்டு ஆண்டுகள்தான் செல்லும். அதைச் சொல்லாமல் அவசரப்படுத்தி எழுதவைத்து, விண்ணப்பிக்கும் நேரத்தில் காலாவதியாகிவிட்டது என்று மறுபடி காசு வாங்கிய தரகரை நான் அறிவேன்.

'இடைநிலை' என்ற ஒட்டுத்தாளையும் நம்பாதீர்கள். பழைய பாடத்திட்டத்தில் மூன்றாம் நிலைக்கு 600 சொல், நான்காம் நிலைக்கு 1200. 2021-இல் வந்த ஒன்பது நிலைத் தரநிலையில் நான்கு முதல் ஆறு வரை இடைநிலை, நான்காம் நிலைக்கே 3245 சொல். ஒரே எண்ணுக்கு இரண்டு கணக்கு. அட்டையில் எந்தக் கணக்கு என்று போடக்கூடப் பல பதிப்பாளர்களுக்கு மனமில்லை, அதைக் கேட்பாரும் இல்லை. நீங்களே அளந்துகொள்ளுங்கள். ஒரு பக்கத்தில் ஏறக்குறைய நூறு எழுத்துக்கு நான்கைந்து சொல் தெரியவில்லை என்றால் படிக்கலாம். பத்தைத் தாண்டினால் மூடி வையுங்கள். எழுத்துகளுக்கு மேலே ஒலிக்குறிப்பு அச்சிட்ட புத்தகத்தை வாங்கவே வாங்காதீர்கள். கண் குறிப்பைத்தான் படிக்கும், எழுத்தைத் தொடாது. ஏற்கெனவே வாங்கியிருந்தால் ஒரு அட்டைத் துண்டால் அந்த வரியை மறைத்துக்கொண்டு படியுங்கள்.

அடுத்த கதையை முதல் தடவை அகராதியைத் தொடாமல் ஓட்டுங்கள். லெ, ஜெ, ட்ஸாய், ஜியு வரும் இடங்களைப் பென்சிலால் வட்டமிடுங்கள், வேறு எதுவும் வேண்டாம். இரண்டாவது தடவையில் தெரியாத சொற்களைப் பாருங்கள். அதன்பின் வாய்விட்டுத் தமிழில் சொல்லிப் பாருங்கள், வீட்டில் யாரிடமாவது சொன்னால் இன்னும் நல்லது. 'எழுபத்தெட்டுக் கிழங்கா?' என்று அவர்கள் கேட்டுவிடுவார்கள். அப்படிச் சொன்னதையே எழுதி எனக்கு அனுப்புங்கள், ஆங்கிலக் குறிப்பு இல்லாமல்.