டிரான்ஸ்ஃபரை மறுத்தால் வேலையை விட்டே எடுக்க முடியுமா?

கேள்வி: ஆறு வருடமாக ஒரே கிளையில் வேலை பார்க்கிறேன். இப்போது திடீரென்று 400 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கிளைக்கு மாற்றி ஆர்டர் கொடுத்திருக்கிறார்கள். போக மாட்டேன் என்று சொன்னால் டிஸ்மிஸ் செய்ய முடியுமா?

பதில்: முடியும், ஆனால் எல்லா நேரத்திலும் இல்லை. இந்தியச் சட்டத்தை வைத்துச் சொல்கிறேன். முதலில் உங்கள் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை எடுத்துப் பாருங்கள். "நிறுவனத்தின் எந்தக் கிளைக்கும் மாற்றலாம்" என்ற பொருளில் ஒரு வரி அதில் இருக்கிறதா? இல்லையென்றால் கம்பெனியின் வேலை விதிகளைச் சொல்லும் நிலையாணைகளில், அதாவது ஸ்டாண்டிங் ஆர்டரில் தேடுங்கள். பாதி வழக்கு இந்த ஒரு வரியிலேயே முடிந்துவிடும்.

அந்த வரி எங்குமே இல்லையென்றால் உங்கள் பக்கம் வலுவானது. 1960இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த குந்தன் சுகர் மில்ஸ் வழக்கு இதைத்தான் பேசியது. அம்ரோஹாவில் இருந்த ஆலைக்கு வேலைக்கு எடுத்த தொழிலாளர்களை, அதே முதலாளிகள் பிறகு புலந்த்ஷஹரில் தொடங்கிய வேறொரு ஆலைக்கு மாற்றினார்கள். போக மறுத்தவர்களை நீக்கினார்கள். அவர்களை வேலைக்குச் சேர்த்தபோது இரண்டாவது ஆலையே கிடையாது, மாற்றலாம் என்ற நிபந்தனையும் இல்லை. அதனால் அந்த நீக்கம் செல்லாது என்றது நீதிமன்றம். உங்களை அனுப்பும் இடம் அதே கம்பெனியின் கிளையா, பெயர் மட்டும் ஒத்துப்போகும் தனிக் கம்பெனியா என்று பார்க்கச் சொல்வது இதனால்தான்.

வரி இருந்தால் நிலைமை தலைகீழ். குஜராத் மின்வாரிய வழக்கில் (1989) உச்ச நீதிமன்றம் சொன்னது இது: இடமாற்றம் வேலையோடு சேர்ந்தே வருவது. கஷ்டம் இருந்தால் நிர்வாகத்திடம் மனுக் கொடுக்கலாம். ஆனால் உத்தரவை ரத்து செய்யாதவரை அல்லது நிறுத்தி வைக்காதவரை போய்ச் சேர்ந்தாக வேண்டும். மனு நிலுவையில் இருப்பதைக் காரணம் காட்டி வீட்டில் உட்கார முடியாது.

பெரும்பாலானவர்கள் சறுக்குவது இங்கேதான். ஒருவருக்கு 1ஆம் தேதி ஆர்டர் வருகிறது, 10ஆம் தேதிக்குள் சேர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 3ஆம் தேதி மனுக் கொடுக்கிறார். அன்றே ரிலீவிங் ஆர்டரும் கைக்கு வருகிறது. அதன் பிறகும் தினமும் பழைய கிளைக்கே வந்து நாற்காலியில் உட்காருகிறார், "நான் வேலைக்கு வந்துகொண்டுதானே இருக்கிறேன்" என்கிறார். சட்டத்தின் கண்ணில் 10ஆம் தேதிக்குப் பிறகு அவர் ஆப்சென்ட். இப்போது இரண்டு குற்றச்சாட்டு தயார்: சட்டப்படியான, நியாயமான உத்தரவை வேண்டுமென்றே மீறியது, விடுப்பு இல்லாமல் வராமல் இருந்தது. மத்திய மாதிரி நிலையாணைகளின்படி விடுப்பின்றி 10 நாளுக்கு மேல் வராவிட்டாலே அது ஒழுங்கீனம். டிரான்ஸ்ஃபர் சரியா தவறா என்ற பேச்சு பின்னுக்குப் போய்விடும். 9ஆம் தேதி திடீரென்று மெடிக்கல் சர்டிஃபிகேட் கொடுப்பதும் உதவாது, அதை எல்லா ஹெச்.ஆரும் பார்த்தாயிற்று.

அப்போதும் கம்பெனி நேராக நீக்க முடியாது. குற்றப்பத்திரிகை, உள்விசாரணை, உங்கள் பதிலைக் கேட்பது எல்லாம் நடந்திருக்க வேண்டும். "எட்டு நாள் வரவில்லை, தானாக வேலை போய்விட்டது" என்று பெயரை அடித்த டி.கே. யாதவ் வழக்கில் (1993), விசாரணை இல்லாத அந்த நீக்கத்தை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. அவரைத் திரும்ப வேலைக்கு எடுக்கச் சொன்னது, விடுபட்ட சம்பளத்தில் பாதியையும் கொடுக்கச் சொன்னது.

மிச்சம் இருப்பது பழிவாங்கும் டிரான்ஸ்ஃபர். நிர்வாகக் கொள்கை என்ற போர்வையில் கெட்ட எண்ணத்தோடு மாற்றுவது முறையற்ற தொழில் நடைமுறை. தொழில் தகராறு சட்டத்தின் ஐந்தாம் அட்டவணையில் இது இருந்தது, இப்போதைய தொழில் உறவுகள் தொகுப்பிலும் இருக்கிறது. ஆனால் "பழிவாங்கிவிட்டார்கள்" என்று மட்டும் சொன்னால் எந்த நீதிமன்றமும் கேட்காது. சங்கம் தொடங்கியோ புகார் கொடுத்தோ எத்தனை நாளில் ஆர்டர் வந்தது, புதிய கிளையில் அந்தப் பதவி காலியாக இருந்ததா, யார் எந்தக் காரணத்துக்காகச் செய்தார் என்பதைத் தேதியோடு காட்ட வேண்டும். மேனேஜர் நிலையில் இருந்து தொழிலாளி என்ற வரையறைக்குள் வராதவர்களுக்குத் தொழிலாளர் நீதிமன்ற வழி கிடையாது.

வரி இருக்கிறது, பழிவாங்கலுக்கு ஆதாரமும் கையில் இல்லை என்றால் என் யோசனை இதுதான். சேர வேண்டிய தேதிக்கு முன் மனுவை மின்னஞ்சலிலும் ஸ்பீட் போஸ்டிலும் அனுப்புங்கள். காரணத்தைக் குறிப்பாக எழுதுங்கள், பிள்ளையின் பொதுத்தேர்வு மாதமோ பெற்றோரின் சிகிச்சை அட்டவணையோ எதுவானாலும். இரண்டு மாத அவகாசம் கேளுங்கள்; முழு ரத்தைவிட அது கிடைக்க வாய்ப்பு அதிகம். பதில் வராவிட்டால் அந்தத் தேதியில் போய்ச் சேருங்கள், சேரும் கடிதத்திலேயே "என் ஆட்சேபத்தோடு சேர்கிறேன், என் மனு நிலுவையில் உள்ளது" என்று எழுதிக் கொடுத்து, நகலில் சீல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.