வந்த கடிதமும் போகும் பதிலும்

அன்புள்ள ஐயா,

ஏற்காட்டில் எங்கள் காப்பித் தோட்ட வீட்டின் மூன்று அறைகளைப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுகிறோம். விசாரிப்பவர் யாரானாலும் வரவேற்பு, தோட்டத்தின் அழகு, வாடகை, விதிமுறை, வழி என்று இருபது வரிப் பதிலை அனுப்புகிறேன். பாதிப் பேர் அதோடு காணாமல் போய்விடுகிறார்கள். வந்த கடிதங்களில் மூன்றை இணைத்திருக்கிறேன். எங்கே தவறுகிறேன்?

ஒரு வாசகி, ஏற்காடு

அன்புள்ள சகோதரிக்கு,

முதல் கடிதம் ஒரே வரி: 'சனி இரவு, இரண்டு பேர், அறை உண்டா, எவ்வளவு?' இவர் நான்கு இடங்களிலாவது கேட்டிருப்பார். உங்கள் பதிலில் வாடகை 14ஆம் வரியில் இருக்கிறது. அதுவரை அவர் படித்திருக்க மாட்டார். 'உண்டு, 2,500 ரூபாய், காலை உணவு சேர்த்து' என்றால் முடிந்தது. வீடு ஏரியிலிருந்து தள்ளி இருப்பதையும், இருட்டிய பின் வண்டி கிடைக்காது என்பதையும் அவர் கேட்காவிட்டாலும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். தெரியாமல் வந்தால் அவதிப்படுவார்.

இரண்டாவது கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கல்யாணமான புதிதில் கணவருடன் சேலத்திலிருந்து பஸ்ஸில் கொண்டை ஊசி வளைவுகளை எண்ணிக்கொண்டே வந்ததையும், அவர் இப்போது இல்லாததையும் அந்த அம்மா 18 வரிகளில் எழுதியிருக்கிறார். அதில் கேள்வி ஒன்றுதான்: முழங்கால் வலிக்கிறது, படி இருக்கிறதா? பதிலின் நீளத்தைக் கேள்வியிலிருந்தும், நெருக்கத்தை அவர் பேசும் விதத்திலிருந்தும் எடுத்துக்கொள்ளுங்கள். நானாக இருந்தால் இப்படி எழுதுவேன்:

'அம்மா, வணக்கம். நீங்களும் ஐயாவும் எண்ணிய 20 வளைவுகளும் அப்படியே இருக்கின்றன. வாசலில் மூன்று படிகள், பிடித்து ஏறக் கைப்பிடி உண்டு. உங்களுக்குக் கீழ் அறையை ஒதுக்கி வைக்கிறேன். எந்தத் தேதி என்று மட்டும் எழுதுங்கள்.'

வளைவுகளை அவரிடமே திருப்பிச் சொல்லும்போது, கடிதத்தை முழுவதும் படித்தீர்கள் என்று அவருக்குத் தெரிந்துவிடும். 'ஆழ்ந்த இரங்கல்' வேண்டாம். அவர் துக்கம் விசாரிக்கச் சொல்லவில்லை. உங்கள் வீட்டு இழப்பையும் அங்கே கொண்டுபோய் வைக்காதீர்கள்.

எதிரில் இருப்பவரின் பேச்சுக்கு ஏற்ப நம் பேச்சை மாற்றிக்கொள்வதை ஹோவர்ட் ஜைல்ஸ் என்ற சமூக உளவியலாளர் 1970களிலிருந்து ஆராய்ந்தார். அளவு மீறி மாற்றிக்கொண்டால் கேட்பவருக்கு அது மட்டம் தட்டுவதுபோலப் படும் என்பதும் அந்த ஆய்வுகளில் உண்டு. அந்த அம்மாவுக்குப் பதினெட்டு வரி உருக்கமாக எழுதினால் அதுதான் நடக்கும்.

மூன்றாவது, 'வெந்நீர் வரவில்லை, பணம் வீண்' என்ற கடிதம். இங்கே நீளத்தில் மட்டும் அவரை ஒத்துப்போங்கள், தொனியில் வேண்டாம். 'மின்சாரம் போனதால் ஹீட்டர் ஓடவில்லை. மாற்று ஏற்பாடு செய்யாதது எங்கள் தவறு. பாதி வாடகையை இன்றே திருப்பி அனுப்புகிறேன்.' இவ்வளவு போதும்.

சரியாக எழுதினீர்களா என்பது அடுத்த கடிதத்தில் தெரிந்துவிடும். கேட்டதையே மறுபடி கேட்டால் விடை எங்கோ புதைந்துவிட்டது. 'அக்கா' என்று தொடங்கியவர் 'தகவலுக்கு நன்றி' என்று முடித்துக்கொண்டால், உங்கள் பதில் அவருக்குக் குளிர்ந்துபோய்க் கிடைத்திருக்கிறது. அவருக்கு அன்றே இன்னொரு வரி எழுதுங்கள்.